ப்ளே ஸ்கூல் தொடங்கப் போறீங்களா? கட்டடத்துக்கு நாலு சான்றிதழ் சரி, டீச்சருக்கு எந்தச் சான்றிதழ்?

போன மாதம் திருச்சுழிப் பக்கத்திலிருந்து பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸை அனுப்பினார். 'நர்சரி மற்றும் மாண்டிசோரி ஆசிரியர் பயிற்சி டிப்ளமா. 6 மாதம் மட்டுமே. வீட்டிலிருந்தே படிக்கலாம். அரசு பதிவு பெற்றது. சொந்தமாகப் பள்ளி தொடங்கலாம்.' கட்டணம் 18 ஆயிரம் ரூபாய். கீழே அக்காவின் வாய்ஸ் மெசேஜ்: "தம்பி, அருப்புக்கோட்டையில ஒரு வீடு பாத்து வெச்சிருக்கேன். கீழ் வீடு, முன்னாடி கொஞ்சம் இடமும் இருக்கு. இத முடிச்சுட்டு ப்ளே ஸ்கூல் ஆரம்பிச்சிரலாமா? நீ பேப்பர்லதான இருக்க, விசாரிச்சுச் சொல்லு."

விசாரித்தேன். 'வேண்டாம்க்கா'ன்னு ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனா ஏன் வேண்டாம், அப்போ எது வேணும் என்பதற்கான பதில் அக்காவுக்கு மட்டும் உரியது இல்லை. இந்த நோட்டீஸ் உங்கள் ஃபேமிலி குரூப்பிலும் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

முதல் கேள்வி: நீங்க ஓனரா, டீச்சரா?

பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். பள்ளியை நடத்துபவருக்கும் வகுப்பில் நிற்பவருக்கும் விதிகள் வேறு வேறு. ஆசிரியர் தகுதி என்று சட்டம் பேசுவது வகுப்பில் நிற்பவரைப் பற்றி. இடமும் முதலீடும் உங்களுடையதாக இருந்து, பாடம் எடுக்கத் தகுதியானவரை வேலைக்கு வைத்தால், உங்கள் கையில் டிப்ளமா இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

ஆனா அருப்புக்கோட்டை மாதிரி ஊரில் சின்னதா தொடங்குகிற பள்ளிகளில் ஓனரும் டீச்சரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். காலையில் கேட்டைத் திறப்பதும், ஃபீஸ் வாங்குவதும், 'அம்மா இங்கே வா வா' பாடுவதும் அவரேதான். அக்காவின் திட்டமும் அதுதான். அதனால் அவருக்கு டீச்சருக்கான தகுதி வேண்டும்.

அப்போ அந்தத் தகுதி என்ன?

இந்தியாவில் ஆசிரியர் கல்விக்கு அளவுகோல் வைப்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்சிடிஇ. 1993-ல் வந்த தனிச் சட்டத்தின்கீழ் இயங்கும் அமைப்பு. மழலையர் பள்ளி ஆசிரியருக்கு என்ன வேண்டும் என்று 2014-ல் அது வெளியிட்ட விதி சொல்கிறது: பிளஸ் டூவில் குறைந்தது 50 சதவீத மதிப்பெண். அதற்கு மேல், நர்சரி ஆசிரியர் கல்வி, முன்பருவக் கல்வி, இளம் குழந்தைப் பருவக் கல்வி ஆகிய பெயர்களில் ஏதாவது ஒன்றில் இரண்டு ஆண்டுக்குக் குறையாத டிப்ளமா. அல்லது நர்சரிக்கான பி.எட். டிப்ளமா எதுவானாலும் என்சிடிஇ அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் படித்திருக்க வேண்டும்.

இதில் மூன்று சொற்களை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு ஆண்டு, டிப்ளமா, என்சிடிஇ அங்கீகாரம். அக்கா அனுப்பிய நோட்டீஸில் டிப்ளமா என்ற சொல் மட்டும்தான் இருக்கிறது. மற்ற இரண்டும் இல்லை.

'அரசு பதிவு பெற்றது' என்று போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. ஒரு டிரஸ்டைப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாலே 'அரசு பதிவு பெற்றது' என்று போட்டுக்கொள்ளலாம். சிறு தொழிலாகப் பதிந்தாலும் போடலாம். ஐஎஸ்ஓ முத்திரை என்பது அலுவலகம் நடக்கும் முறைக்கான சான்று. அந்தப் பதிவுகளில் எதுவும் 'இங்கே படித்தவர் மழலையர் ஆசிரியர்' என்று சொல்லவில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. என்சிடிஇ அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. பி.எட் நடத்த அங்கீகாரம் வாங்கிய ஒரு கல்லூரி, அதே வளாகத்தில் அங்கீகாரமில்லாத நர்சரி டிப்ளமாவையும் நடத்த முடியும். போர்டைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். அதனால் 'உங்க காலேஜுக்கு அங்கீகாரம் இருக்கா?' என்று கேட்காதீர்கள். 'இந்தப் படிப்புக்கான அங்கீகார ஆணையைக் காட்டுங்க' என்று கேளுங்கள். ஆணையில் படிப்பின் பெயரும், எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்ற எண்ணிக்கையும் இருக்கும். அதை ncte.gov.in தளத்தில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிட வேலை.

டி.எட், பி.எட், டெட் இதெல்லாம் இருந்தா போதாதா?

தெருவுக்கு ஒருவர் பி.எட் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஊர்கள் நம்முடையவை. அதனால் இந்தக் கேள்வி நியாயமானது. முன்பு டி.எட் என்று சொன்ன தொடக்கக் கல்வி டிப்ளமா, 1-ஆம் வகுப்பிலிருந்து 8 வரைக்கான பயிற்சி. வழக்கமான பி.எட் அதற்கும் மேல் வகுப்புகளைக் குறிவைத்தது. டெட் தேர்வும் 1 முதல் 8 வரைக்குத்தான். மூன்று வயதுக் குழந்தை இந்த மூன்றிலும் இல்லை.

இது வெறும் காகித வாதம் இல்லை என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. 2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. நல்ல யோசனை. டீச்சருக்கு எங்கே போவது? உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் வைத்த வாதங்களில் ஒன்று, 'எங்களுக்குக் கிடைத்த பயிற்சி தொடக்க வகுப்புக்கானது, மழலையருக்கானது இல்லை' என்பது. பதவி கௌரவப் பிரச்சினையும் அதில் கலந்திருந்தது என்று வைத்துக்கொண்டாலும், அந்த வாதத்தில் உண்மை இருந்தது.

2022-ல் அந்த ஆசிரியர்கள் தொடக்க வகுப்புகளுக்கே திரும்ப அனுப்பப்பட்டார்கள். எல்கேஜி, யுகேஜி அத்தோடு முடிந்தது என்று செய்தி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் வகுப்புகள் தொடரும் என்று அரசு அறிவித்தது. பிறகு தற்காலிகச் சிறப்பாசிரியர்களை எடுக்க முடிவானது. தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். மழலையர் ஆசிரியருக்கு அரசே இந்த விலை வைத்தால், ரெண்டு வருஷம் செலவழித்து யார் இந்தப் படிப்பைப் படிப்பார்?

சரி, அந்த ரெண்டு வருஷத்துல அப்படி என்ன சொல்லித் தர்றாங்க?

'பிள்ளைங்கள பாத்துக்கிறதுக்கு ஒரு படிப்பா?' என்று பெரியம்மா கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன்.

அருப்புக்கோட்டையில் நெசவுத் தெருக்களில் வீட்டுக்குள் கன்னடம் பேசும் தேவாங்கர் குடும்பங்கள் இருக்கின்றன. சுற்றுக் கிராமங்களில் தெலுங்கு பேசும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளை மூன்று வயதில் பள்ளிக்கு வருகிறது. டீச்சர் தமிழில் பேசுகிறார், சுவரில் 'ஏ ஃபார் ஆப்பிள்' தொங்குகிறது. பிள்ளை ரெண்டு மாதமாக வாயே திறக்கவில்லை. பயிற்சி இல்லாதவர் 'புள்ள மந்தம்' என்று அம்மாவிடம் சொல்லிவிடுவார். பயிற்சி பெற்றவர் வேறு சில விஷயங்களைக் கவனிப்பார். சொன்னதைப் புரிந்துகொண்டு செய்கிறதா? வீட்டு மொழியில் கேட்டால் பதில் வருகிறதா? பெயர் சொல்லிப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா? முதல் ரெண்டுக்கும் ஆமாம் என்றால், பிள்ளை புது மொழியைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறது, அவகாசம் கொடுக்க வேண்டும். கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால் காதைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். ஒரே மௌனத்துக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் தொழில்.

எழுத்து விஷயமும் இப்படித்தான். மூன்று வயதில் விரல்களும் மணிக்கட்டும் பென்சிலுக்குத் தயாராகியிருக்காது. களிமண் பிசைவது, புளியங்கொட்டை பொறுக்குவது, பாசி கோப்பது, தண்ணியை ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது எல்லாம் எழுத்துக்கு முந்தைய எழுத்து. இதை அறியாத பள்ளி நாலு கோடு நோட்டைக் கொடுத்துக் கையைப் பிடித்து 'அ' எழுத வைக்கும். பெற்றோருக்கும் அதுதான் பிடிக்கும், ஏன்னா நோட்டில் தெரிகிறது. விரலில் வந்த பலம் எந்த நோட்டிலும் தெரியாது. அதைப் பெற்றோருக்கு விளக்கும் தைரியமும் அந்தப் படிப்பிலிருந்துதான் வரணும்.

அதனால்தான் முறையான டிப்ளமாவில் மாதக்கணக்கில் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளோடு இருக்கும் களப்பயிற்சி கட்டாயம். 'வீட்டிலிருந்தே படிக்கலாம்' என்ற ஆறு மாதப் படிப்பில் பிள்ளை எங்கே இருக்கிறது?

மாண்டிசோரி என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து பயிற்சி வகுப்பு நடத்தியவர். போர் காரணமாகப் பல ஆண்டுகள் இந்தியாவில் தங்கினார். அவர் பெயருக்கு இங்கே மவுசு இருப்பது இயல்புதான். ஆனா இன்று அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதுகிறார்கள். 1929-ல் அவரே தொடங்கிய சர்வதேச மாண்டிசோரி சங்கத்தின் டிப்ளமா ஒரு மதிப்பான பயிற்சி. பெயரை மட்டும் கடன் வாங்கிய சான்றிதழ் அப்படியில்லை.

அக்கா முன்னால் இருக்கும் வழிகள்

பக்கத்தில் எங்காவது இந்த ரெண்டு வருஷப் படிப்பு இருக்கிறதா என்று அக்காவும் நானும் தேடினோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி சுற்றுவட்டாரத்தில் எங்கள் கண்ணில் படவில்லை. இத்தனைக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில்தான் இருக்கிறது. ஆனா அதன் வேலை தொடக்கக் கல்வி ஆசிரியர்களை உருவாக்குவது.

அடுத்து இக்னோ எனப்படும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இளம் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்வி டிப்ளமா. பிளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம். குறைந்தது ஓராண்டு. மூன்று பாடங்கள், ஒரு செயல்முறைத் திட்டம். பல்கலைக்கழகம் தருவது, பாடமும் உருப்படியானது. ஆனா இரண்டு ஆண்டு என்ற நிபந்தனையை இது நிறைவு செய்யாது. அதனால் அறிவுக்கு எடுத்துக்கொள்ளலாம், தகுதிக்கு இதை மட்டும் நம்பக் கூடாது. 18 ஆயிரத்தை அந்த நோட்டீஸில் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவது வழி, தகுதியுள்ள ஒருவரை வேலைக்கு வைப்பது. இங்கேதான் கணக்கு குறுக்கே வருகிறது.

20-க்கும் 35-க்கும் நடுவே ஒரு பள்ளம்

குழந்தை உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் தனியார் ப்ளே ஸ்கூல்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 20 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், ஒரு உதவியாளர் வேண்டும். தினம் மூன்று, நான்கு மணி நேரம்தான் பள்ளி. மாதக் கட்டணம் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 8,000, உதவியாளர் சம்பளம் 5,000. இவை அக்காவும் நானும் போட்ட உத்தேசக் கணக்கு, உங்கள் ஊருக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

20 பிள்ளைகள் சேர்ந்தால் வரவு 24,000. வாடகை, ஒரு உதவியாளர், பொருள்களுக்கும் கரண்டுக்கும் 3,000 போக அக்கா கையில் 8,000 நிற்கும். இப்போது இன்னும் நாலு பேர் வந்து சேர்கிறார்கள். 24 பிள்ளைகள், வரவு 28,800. சந்தோஷம்தானே? இல்லை. இருபதைத் தாண்டியதால் ரெண்டாவது ஆசிரியர், ரெண்டாவது உதவியாளர் வேண்டும். வாடகை 8,000, உதவியாளர்கள் 10,000, இதர செலவு 5,000 போனால் மிச்சம் 5,800. அதில்தான் அக்காவும் புது டீச்சரும் வாழணும்.

ரெண்டாவது டீச்சருக்கு 10,000 கொடுத்து, அக்காவுக்குப் பழைய 8,000 நிற்க வேண்டும் என்றால் மொத்தம் 41,000 தேவை. அதாவது 35 பிள்ளைகள். 21-லிருந்து 34 வரை எல்லாமே பள்ளம்.

இந்தப் பள்ளத்தில் விழுந்த பள்ளிகள் என்ன செய்கின்றன என்று ஊருக்கே தெரியும். பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணை 4,000 ரூபாய்க்கு 'மிஸ்' ஆக்குகின்றன. நூற்பாலை வண்டி வாசலுக்கே வந்து ஆள் ஏற்றும் ஊரில் அந்தப் பெண்ணும் ஆறு மாதத்தில் போய்விடுவார். பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ரெண்டு மிஸ். அழுகையை நிறுத்த ஆரம்பித்த பிள்ளை திரும்பவும் முதலிலிருந்து அழ வேண்டும்.

அதனால் அக்காவுக்கு நான் சொன்னது: முதல் வருஷம் 20-ல் கதவை மூடு. 21-ஆவது பிள்ளையின் அம்மாவிடம் பெயரை எழுதி வாங்கி வை. வெயிட்டிங் லிஸ்ட் 15-ஐத் தொட்டால் ரெண்டாவது வகுப்பு திற.

சுவருக்குக் கேட்பதை டீச்சருக்கும் கேளுங்கள்

பள்ளி திறக்கப் போனால் கட்டட உறுதி, கட்டட உரிமம், சுகாதாரம், தீயணைப்பு என்று நாலு சான்றிதழ் கேட்பார்கள். அதில் தளர்வே கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்த மாநிலம் இது. தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விண்ணப்பிக்காமல் போர்டை மாட்டவும் கூடாது. முதலில் அங்கே போய், ப்ளே ஸ்கூலுக்கான நடப்பு விதியையும், என்ன டிப்ளமாவை ஏற்பார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

ஆனா சுவருக்கு நாலு சான்றிதழ் கேட்கிற நாம், அந்தச் சுவருக்குள் நிற்பவருக்கு ஒன்றையாவது ஒழுங்காகக் கேட்கிறோமா? கல்வி உரிமைச் சட்டம் 6 வயதில் தொடங்குகிறது. அதற்குக் கீழே 3 முதல் 6 வரை, அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்ற அளவில் நின்றுவிட்டது. அந்த 'லாம்'-இல்தான் ஆறு மாத டிப்ளமாக்கள் பிழைக்கின்றன.

1977-ல் அருப்புக்கோட்டை எம்எல்ஏவாகி முதல்வரான எம்.ஜி.ஆர்., 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பால்வாடிப் பிள்ளைகளையும் அதில் சேர்த்தார். ரெண்டு வயதுப் பிள்ளைக்குச் சோறு அரசின் பொறுப்பு என்று அன்றே ஏற்றுக்கொண்டோம். டீச்சர் மட்டும் இன்னும் யார் பொறுப்பு என்று தெரியவில்லை. பாளையம்பட்டியில் வளாகம் இருக்கிறது, சுற்றிலும் அங்கன்வாடிகள் இருக்கின்றன, படிக்க அக்கா மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள். மழலையர் ஆசிரியர் டிப்ளமாவை அங்கே ஒரு பிரிவாகத் தொடங்கினால், ஆறு மாத நோட்டீஸுக்கு இந்தப் பக்கம் வேலையே இருக்காது.

அதுவரைக்கும் பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ப்ளே ஸ்கூலில் ஏசி இருக்கிறதா, சிசிடிவி இருக்கிறதா என்று கேட்கும் அதே மூச்சில், 'மிஸ் என்ன படிச்சிருக்காங்க, எத்தனை வருஷம், எந்த இன்ஸ்டிட்யூட்?' என்றும் கேளுங்கள். நாலு அம்மாக்கள் கேட்டாலே ஓனர் பதில் தேட ஆரம்பிப்பார்.

அக்கா இன்னும் முடிவு செய்யவில்லை. நேற்று ராத்திரி மட்டும் ஒரு மெசேஜ்: "அந்த ஆறு மாச ஆளுக்கு போன் போட்டேன் தம்பி. என்சிடிஇ ஆர்டர் காப்பி அனுப்புங்கன்னு கேட்டேன். ப்ளாக் பண்ணிட்டான்."